பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதும், சர்வீஸ் சென்டருக்கு நான் எழுதிய கடிதமும்

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் நாம் எவ்வளவு விளக்கமாகச் சொன்னாலும், உள்ளே மெஷினைப் பிரித்துப் பார்க்கிறவர் காதுக்கு அது போவதில்லை. அவர் கையில் இருப்பது ஜாப் ஷீட் ஒன்றுதான். அதில் ‘கோளாறு’ என்ற கட்டத்தில், கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் எழுதிய இரண்டு சொற்கள் இருக்கும். என் கம்ப்யூட்டருக்கு ‘சிஸ்டம் ஹேங்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு அவர்களிடம் இருக்கும் வைத்தியம், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுப்பது. அதைத்தான் செய்தார்கள். கோளாறோ வேறு இடத்தில் இருந்தது.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும், கூட ஒரு பையன். பில் போட ஒரு கம்பெனி டெஸ்க்டாப், பார்கோடு ஸ்கேனர், தெர்மல் பிரிண்டர். மூன்று வருட வாரண்டியோடு வாங்கியது. இரண்டு வருடம் நெருங்கும்போதுதான் தொல்லை ஆரம்பித்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் கடையில் கூட்டம் வரும். ஒரு அம்மா மாசச் சாமான் வாங்க வந்திருப்பார். துவரம் பருப்பு, எண்ணெய் பாக்கெட், சோப்பு என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து பாதி பில் ஏறியிருக்கும். திரை சட்டென்று நீலமாகும். சோகமான முகக் குறி, கீழே ஒரு வரி ஆங்கிலம், ஓடும் சதவீத எண். அதைப் படித்து முடிப்பதற்குள் மெஷின் தானாக அணைந்து மறுபடி எழும். சில சமயம் அந்த அம்மா யுபிஐ-யில் பணம் அனுப்பியிருப்பார், பில் பிரிண்ட் ஆகி வந்திருக்கும், ஆனால் மெஷினில் அந்த பில் பதிவாகியிருக்காது. ராத்திரி கணக்குப் பார்க்கும்போது கல்லாவும் ஒத்துப்போகாது, சரக்கிருப்பும் ஒத்துப்போகாது.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் இது நிற்கவில்லை. மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தால், ‘நாள் முழுக்க ஓட விட்டுப் பார்த்தோம், ஒண்ணும் ஆகலண்ணே, உங்க ஏரியா கரண்ட்தான் சரியில்ல’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் காய்ச்சல் விட்டுப்போவதைப் போல, இந்த வகைக் கோளாறு சர்வீஸ் சென்டர் மேஜையில் வெளியே வராது. அங்கே ஏசி ஓடுகிறது. மெஷினில் வேலை எதுவும் நடப்பதில்லை, வெறும் திரைதான் எரிந்துகொண்டிருக்கும். என் கடையிலோ காலை ஆறரையிலிருந்து ஓடி, மே மாதச் சூட்டில் மேஜைக்கு அடியில் கொதித்துப்போன பிறகுதான் அது விழுகிறது. இந்த வித்தியாசத்தை நான் எழுத்தில் காட்டாதவரை அவர்கள் அதே சோதனையைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள், அதே பதிலைத்தான் சொல்வார்கள்.

அதனால் கடிதம் எழுத முடிவு செய்தேன். கோபத்தைக் கொட்டுவதற்காக அல்ல. மெஷினைத் திறக்கப்போகிற இஞ்சினியர் படித்ததும், எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் என் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

முதல் வேலை, நீலத்திரையை நிற்க வைப்பது. விண்டோஸ் தானாகவே ரீஸ்டார்ட் ஆவதால்தான் நம்மால் எதையும் படிக்க முடிவதில்லை. விண்டோஸ் பட்டனோடு R அழுத்தி `sysdm.cpl` என்று அடித்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் `Advanced` பகுதியில், `Startup and Recovery` என்பதன் கீழுள்ள `Settings`-ஐ அழுத்தினால், `Automatically restart` என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு மெஷின் விழுந்தால் திரை அப்படியே நிற்கும், மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இந்தத் திரை நீலமாக இல்லாமல் கருப்பாக வரும். நிறம் எதுவானாலும், அதில் `Stop code` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் முக்கியம்.

எனக்கு ஒரு நாள் `MEMORY_MANAGEMENT` வந்தது, இன்னொரு நாள் `IRQL_NOT_LESS_OR_EQUAL`, பிறகு `PAGE_FAULT_IN_NONPAGED_AREA`. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் நண்பர் ஒருவரிடம் படங்களை அனுப்பினேன். “ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர் வருதுன்னா, ஒரே டிரைவரோ ஒரே சாப்ட்வேரோ காரணமா இருக்கறது சந்தேகம். மெமரியைப் பாருங்க” என்றார். ரேமில் ஒரு இடம் பழுதாக இருந்தால், அந்த நேரம் எந்த வேலை அங்கே போய் உட்காருகிறதோ அந்த வேலை கெடும். அதனால்தான் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. இதுவே உறுதியான தீர்ப்பு கிடையாது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அடுத்தது ‘கரண்ட் சரியில்லை’ என்ற பேச்சுக்குப் பதில். இதற்கு விண்டோஸுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. `eventvwr.msc` திறந்து, `Windows Logs` என்பதற்குள் `System` போனால், மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்ற ஒவ்வொரு முறைக்கும் `Kernel-Power` என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அதன் `Details` பக்கத்தில் `BugcheckCode` என்று ஒரு வரி வரும். கரண்ட் போய் நின்றிருந்தால் அங்கே பொதுவாக 0 இருக்கும். மெஷின் அசையாமல் உறைந்துபோய் நாமே பட்டனை அழுத்தி அணைத்தாலும் 0 வரலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே 0 அல்லாத எண் இருந்தால், விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டு தானே நிறுத்தியிருக்கிறது, கரண்ட் கட்டாகி நிற்கவில்லை என்று அர்த்தம். என் மெஷினில் 26, 10, 80 என்று இருந்தன. நீலத்திரையில் வந்த அதே மூன்று பெயர்களுக்கு உரிய எண்கள் அவை. மொபைலில் எடுத்த படமும் மெஷின் தானாக எழுதிய பதிவும் ஒத்துப்போயின. தேதி, மணி எல்லாம் அதிலேயே இருப்பதால் ஞாபகத்தை நம்பி எழுத வேண்டிய தேவையும் இல்லை.

இதில் எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸை அழித்துப் போட்டபோது அதற்கு முந்தைய பதிவுகள் எல்லாம் கூடவே போய்விட்டன. `C:\Windows\Minidump` என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு சின்ன ஃபைல் சேரும். இஞ்சினியருக்கு அது எக்ஸ்ரே மாதிரியான சான்று. அதுவும் அழிந்துபோனது. மெஷினைக் கொடுப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வைப்பது நல்லது. `perfmon /rel` என்று அடித்தால் வரும் நாள்வாரிப் பட்டியலையும் படம் எடுத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு வரிசையாகக் காட்டும். கவுண்டரில் இருப்பவருக்குக்கூட அதைப் பார்த்தால் புரியும்.

கடைசியாக மெமரி சோதனை. `mdsched.exe` என்று அடித்தால் விண்டோஸே செய்து கொடுக்கும், தனியாக எதுவும் இறக்க வேண்டாம். காலையில் கடை திறந்ததும் சாதாரணமாக ஓட்டிப் பார்த்தபோது கோளாறு இல்லை என்றது. நண்பர்தான், “மெஷின் ஆறிக் கிடக்கறப்ப ஓட்டாதீங்க, ராத்திரி கடை அடைக்கற நேரத்துக்கு சூட்டோட ஓட்டுங்க, `Extended` வைங்க” என்றார். சோதனை ஓடத் தொடங்கியதும் F1 அழுத்தினால் வகையைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வரும். `Extended` வைத்து F10 அழுத்த வேண்டும். முடிய பல மணி நேரம் ஆகும். அதனால் ராத்திரி ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தபோது திரையில் `Hardware problems were detected` என்று நின்றது. அதற்குக் கீழேயே, மெஷின் தயாரித்த கம்பெனியை அணுகச் சொல்லி ஒரு வரி. அதைப் படம் எடுத்தபோதுதான் கடிதத்துக்கு முதுகெலும்பு கிடைத்தது.

இந்தச் சோதனையில் எதுவும் வராவிட்டால் ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழுது இருந்தும் சோதனையில் சிக்காமல் போவது உண்டு. ஆனால் பழுது என்று சொல்லிவிட்டால் அதை எந்த சர்வீஸ் சென்டரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இத்தனையும் செய்தபோது கேபினெட்டை நான் திறக்கவே இல்லை. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் சரியாகும் என்று பலரும் சொன்னார்கள். சில நேரம் சரியாவதும் உண்மைதான். ஆனால் பின்பக்கம் வாரண்டி சீல் ஒட்டியிருக்கும் மெஷினில் கை வைத்தால், அப்புறம் எல்லாக் கோளாறுக்கும் ‘நீங்க திறந்துட்டீங்க’ என்ற ஒரே பதில்தான் வரும்.

கடிதம் இதுதான். பெயர், பில் எண், சீரியல் எண்களை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

---

18.06.2025

பெறுநர்: மேலாளர், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர், மதுரை.

பொருள்: டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப நின்றுபோவது, வாரண்டியில் பழுது நீக்கக் கோருதல்.

ஐயா,

மேலே குறித்த சீரியல் எண் உள்ள கம்ப்யூட்டரை 12.08.2023 அன்று வாங்கினேன். வாரண்டி 11.08.2026 வரை உள்ளது. ஜிஎஸ்டி பில் நகல் இணைத்துள்ளேன். நானும் என் மனைவியும் பிழைப்புக்காக நடத்தும் மளிகைக் கடையில் பில் போட இதைப் பயன்படுத்துகிறோம்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல், மெஷின் பல மணி நேரம் ஓடிய பிறகு இது நடக்கிறது. காலையில் நடப்பதில்லை.

தங்கள் சென்டரில் 21.05.2025 அன்று விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தரப்பட்டது. அதன் பிறகு 28.05 மாலை `MEMORY_MANAGEMENT`, 02.06 இரவு `IRQL_NOT_LESS_OR_EQUAL` ஆகிய பிழைகளோடு நின்றது. 04.06 அன்று மறுபடி கொடுத்தேன். கோளாறு இல்லை என்று 10.06 அன்று திருப்பித் தரப்பட்டது. அதன் பிறகு 13.06 மாலை `PAGE_FAULT_IN_NONPAGED_AREA`, 16.06 இரவு மறுபடி `MEMORY_MANAGEMENT`. 16.06 அன்று பிரிண்டர், ஸ்கேனர் இரண்டையும் கழற்றிவிட்டுக் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு முறையும் எடுத்த படங்கள் இணைப்பில் உள்ளன.

மின்சாரம் காரணம் என்று சொல்லப்பட்டது. மெஷின் யுபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது. நான்கு முறையும் விண்டோஸ் பதிவில் `Kernel-Power 41` என்பதன் கீழ் `BugcheckCode` முறையே 26, 10, 80, 26 என்று உள்ளது. ஒருமுறைகூட 0 இல்லை. படங்கள் இணைப்பில் உள்ளன.

16.06 இரவு, மெஷின் சூடாக இருக்கும்போதே விண்டோஸ் மெமரி சோதனையை `Extended` முறையில் ஓட்டினேன். `Hardware problems were detected` என்று முடிவு வந்தது. படம் இணைப்பில் உள்ளது.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். மெஷினை மூடிய நிலையில், பல மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, ரேமையும் ரேம் பொருந்தும் இடத்தையும் மதர்போர்டையும் சோதித்து, காரணமான பாகத்தை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். விண்டோஸை மறுபடி அழித்துப் போடுவது தேவைப்பட்டால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். கோளாறு இல்லை என்று முடிவு செய்தால், என்ன சோதனை, எத்தனை மணி நேரம் ஓட்டப்பட்டது என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தர வேண்டும். பழுது நீங்கும் தேதியையும் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தின் நகலை ஜாப் ஷீட்டோடு சேர்த்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

---

ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று பலமுறை எழுதி எழுதிச் சுருக்கினேன். முதலில் எழுதியதில் வியாபாரம் கெட்டது, வாடிக்கையாளர் முன்னால் நின்ற அவமானம் எல்லாம் இருந்தது. அவை உண்மைதான், ஆனால் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அவற்றால் ஒரு வழியும் தெரியாது. ‘மாலை ஆறு மணிக்கு மேல், காலையில் நடப்பதில்லை’ என்ற ஒரு வரி அவருக்கு ஆயிரம் விஷயம் சொல்லும்.

‘ரேமை மாற்றித் தாருங்கள்’ என்று கேட்காமல் ‘காரணமான பாகத்தை’ என்று எழுதியது வேண்டுமென்றே செய்தது. சோதனை பிழை காட்டினால் ரேம் கெட்டிருக்கலாம். ரேம் பொருந்தும் ஸ்லாட் கெட்டிருந்தாலும், மதர்போர்டு கெட்டிருந்தாலும் அதே பிழைதான் வரும். நாமே பாகத்தின் பெயரைச் சொல்லி, அதை மாற்றியும் தொல்லை தொடர்ந்தால், கேட்டதைச் செய்துவிட்டோம் என்று அவர்கள் கை கழுவ இடம் கொடுத்ததாகிவிடும். நாம் கண்டதைச் சொல்லலாம், நமக்கு வேண்டிய முடிவைக் கேட்கலாம், நடுவில் இருக்கும் வைத்தியம் அவர்கள் பொறுப்பு.

‘பிழைப்புக்காக நடத்தும்’ என்ற சொற்களும் சும்மா வந்தவை அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருக்கிறது. கடைக்காரர்கள் பலர் இதைக் கேட்டுவிட்டு, நமக்கு அந்தச் சட்டம் உதவாது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது என்றும் இருக்கிறது. நானும் மனைவியும் உட்கார்ந்து பில் போடும் கடைக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். கடைசியில் அதை முடிவு செய்வது நுகர்வோர் ஆணையம்தான். நாளை அங்கே போக நேர்ந்தால், முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருப்பது உதவும்.

அந்த அளவுக்குப் போகாமல் முடிக்கத்தான் எல்லாரும் பார்ப்போம். ஆனாலும் வழி தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் பதில் தராவிட்டால், மெஷின் தயாரித்த கம்பெனியின் புகார் மின்னஞ்சலுக்கு அதே கடிதத்தையும் ஜாப் ஷீட் நகல்களையும் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவு செய்யும் புகார் கம்பெனிக்குப் போகும். பல நேரம் அதோடு காரியம் நடந்துவிடுகிறது, ஆனால் அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கிய ஊரிலோ கம்பெனி இருக்கும் ஊரிலோதான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். மின்னஞ்சலிலும் படங்களோடு அனுப்பினேன். நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் ஒப்படைத்த விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாரண்டி முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வாரண்டி இருக்கும்போதே புகார் எண்ணைப் போட்டுவிட வேண்டும். மெஷின் அவர்கள் கையில் இருக்கும்போது வாரண்டி முடிந்தாலும், புகார் முன்னாலேயே பதிவானது என்று காட்ட அந்த எண்தான் துணை.

சீரியல் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில கடைகளில் பில்லில் மாடல் பெயரை மட்டும் எழுதித் தந்துவிடுகிறார்கள். வாங்கும்போதே சீரியல் எண்ணை பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். கம்பெனி இணையதளத்தில் வாரண்டித் தேதி நாம் வாங்கிய தேதிக்கு முந்தியதாகக் காட்டினால், அந்த பில்லைக் காட்டித்தான் திருத்த முடியும். மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால், பவர்ஷெல்லில் இதை அடித்தால் பெரும்பாலான கம்பெனி மெஷின்களில் எண் வந்துவிடும்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

மெஷினைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் பேக்கப் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பில்லிங் மென்பொருளின் டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்து, வீட்டில் இருக்கும் மகளின் லேப்டாப்பில் திறந்து, கடைசி நாள் பில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. அதிகம் பேருக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. இப்போது வரும் மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டுப் போட்டு வைக்கப்படுகிறது. மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது. `manage-bde -status` என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பார்த்தால் பூட்டு இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் அந்த எண் பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தேடி எடுத்து எழுதி வைத்துக்கொண்ட பிறகே மெஷினைக் கையை விட்டு விட வேண்டும். பில்லிங் மென்பொருளின் லைசென்ஸும் சில நேரம் மெஷினோடு கட்டப்பட்டிருக்கும். விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கடிதம் கொடுத்த பிறகு நடந்தது இது. கவுண்டரில் இருந்தவர் முதல் வரியைப் படித்ததும் எப்போதும் போல ஜாப் ஷீட்டை எடுத்தார். படங்களைப் பார்த்ததும் உள்ளே போய் சீனியர் இஞ்சினியரைக் கூட்டி வந்தார். அவர் கடிதத்தை நின்றபடியே முழுதும் படித்தார். மெமரி சோதனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஒரே தடவைல முடிஞ்சிருக்குமேண்ணே” என்றார். முதல் ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருந்தது என்று காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புது ஜாப் ஷீட்டில் கோளாறு கட்டத்தில் தன் கையாலேயே, ‘சூடான பிறகு நீலத்திரை, மெமரி டெஸ்ட் ஃபெயில், கடிதம் இணைப்பு’ என்று எழுதினார்.

ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்து, இரண்டு ரேமில் ஒன்று பழுது என்று மறுநாள் போன் செய்தார்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு, இடத்தை மாற்றிப் பார்த்தார்களாம். பிழை ஸ்லாட்டோடு நிற்காமல் அந்த ரேமோடே போனதால் மதர்போர்டில் குறை இல்லை என்று தெளிவாகியது. மாற்று ரேம் கம்பெனி கிடங்கிலிருந்து வர நாள் பிடித்தது. அதுவரை கார்பன் வைத்த பில் புத்தகத்தில் கையால் எழுதினோம். ஸ்டாண்ட்பை மெஷின் கேட்டேன், இல்லை என்றார்கள். வியாபாரத்துக்கு மெஷின் வாங்குகிறவர்கள், இஞ்சினியர் கடைக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டியா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். விலையில் உள்ள வித்தியாசம் இந்த மாதிரி நாட்களில் திரும்பி வந்துவிடும். மெஷினை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகிற அன்று நான் கடையில் இருக்க முடியாது, ஒரு ஆள் குறைவது சின்னக் கடையில் பெரிய விஷயம்.

மெஷினை வாங்கப் போனபோது, ஜாப் ஷீட்டில் ‘ரேம் மாற்றப்பட்டது’ என்று எழுதச் சொல்லி, புது ரேமின் சீரியல் எண்ணையும் குறிக்கச் சொன்னேன். முதலில் ‘சர்வீஸ் முடிந்தது’ என்று மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு வரி இருந்தால்தான் நாளை இதே கோளாறு வரும்போது, ஏற்கனவே வன்பொருள் கெட்ட மெஷின் இது என்று காட்ட முடியும். மாற்றிய பாகத்துக்கு எவ்வளவு நாள் வாரண்டி என்று கேட்டதற்கு, மெஷினுக்கு மீதி இருக்கும் வாரண்டியே அதற்கும் என்றார்கள். அதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். கடைக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரியே, நாள் முழுக்க ஓடிய சூட்டோடு `mdsched.exe`-ஐ மறுபடி `Extended` வைத்து ஓட விட்டேன். காலையில் பிழை எதுவும் இல்லை. அந்தப் படத்தையும் தேதியோடு எடுத்து, பழைய படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.